அம்மாவின் கண் கிளினிக் திகதியை மாற்ற வரவேற்பு மேசைக்கு அனுப்பிய செய்திகள்

வியாழன், 10ஆம் திகதி

சுகந்தி, காலை 9.20

வணக்கம் தங்கச்சி. நான் கரவெட்டி பரமேஸ்வரி அம்மாவின் மகள் சுகந்தி. அம்மாவின் கொப்பி நம்பர் 1187. போன மாதம் 6ஆம் திகதி வலது கண்ணில் வெண்புரை ஒப்பரேஷன் செய்தவா. அடுத்த வியாழன் 17ஆம் திகதி பின்னேரம் டொக்டரைக் காட்ட நம்பர் 14 தந்திருக்கிறீர்கள். அந்தத் திகதியை மாற்றித் தர முடியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இந்த நேரம் ஃபோன் எடுத்தால் உங்களுக்கு முன்னால் ஆட்கள் நிற்பார்கள். ஆறுதலாகப் பார்த்துப் பதில் போடுங்கோ, அவசரமில்லை.

காரணம் இதுதான். அம்மாவின் தங்கச்சியின் கணவர், என் சித்தப்பா, போன மாதம் தவறிவிட்டார். 17ஆம் திகதி அவருக்கு அந்தியேட்டி. காலையில் கீரிமலை, பிறகு சித்தி வீட்டில் கிருத்தியமும் மதியச் சாப்பாடும். நீங்கள் திகதி போட்டுத் தந்த அன்று அவர் நல்ல சுகமாக இருந்தவர். பின்னேரம்தானே, வந்துவிடலாம் என்று முதலில் நினைத்தோம். ஆனால் பந்தி முடிந்து ஆட்கள் எழும்பவே நாலு மணியாகிவிடும். அழுது வீங்கின கண்ணோடு அம்மாவைக் கொண்டுவந்து டொக்டருக்குக் காட்டுவதும் சரியாகப் படவில்லை.

டொக்டர் உங்களிடம் செவ்வாய், வியாழன் பின்னேரமும் சனி காலையும் இருக்கிறார் என்று தெரியும். எங்களுக்கு வசதியான ஒழுங்கில் எழுதுகிறேன், இதில் எது இருந்தாலும் போதும். சனி 19 காலை என்றால் எந்த நம்பரும் பரவாயில்லை, கடைசி நம்பர் என்றாலும் சரி. அடுத்தது செவ்வாய் 22 பின்னேரம். அன்றைக்குக் கொஞ்சம் முன் நம்பராக இருந்தால் உதவியாக இருக்கும், ஏனென்றால் கண்மணியை விரிக்கிற துளிமருந்து விட்ட பிறகு அம்மாவுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் எல்லாம் மங்கல்தான். போன முறை பஸ் படியில் கால் வைக்கவே பயந்துவிட்டா. இருட்டினதும் நெல்லியடி பஸ்ஸுக்கு அவவைக் கூட்டிக்கொண்டு போவது கஷ்டம். இந்த இரண்டும் இல்லையென்றால் வியாழன் 24 அல்லது சனி 26.

நாலும் நிறைந்துவிட்டது என்றால் நீங்கள் சொல்கிற நாளுக்கு நான் பாடசாலையில் லீவு போட்டுவிட்டு வருகிறேன். 17ஆம் திகதி நம்பர் 14ஐ எங்களுக்காகப் பிடித்து வைக்க வேண்டாம். காத்திருக்கிற ஆருக்காவது இப்போதே கொடுத்துவிடுங்கோ.

கட்டின முற்பணத்தின் பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது. புதுத் திகதிக்கு அது செல்லுமா, திரும்பக் கட்ட வேண்டுமா என்பதையும் சொன்னால் நல்லது.

கிளினிக் மேசை, காலை 11.05

வணக்கம் அக்கா. சித்தப்பாவின் செய்தி கேட்டுக் கவலை. அந்தியேட்டியை விட்டுவிட்டு ஆரும் கிளினிக்குக்கு வர ஏலாதுதானே, அதை யோசிக்காதீங்கோ. நம்பர் 14ஐ விடுவித்துவிட்டேன், ஒருவர் உடனேயே எடுத்துவிட்டார். முற்பணம் அப்படியே புதுத் திகதிக்குப் போகும், பற்றுச்சீட்டை மட்டும் மறக்காமல் கொண்டுவாங்கோ.

19ஆம் திகதி சனி டொக்டர் கொழும்புக்குப் போகிறார், அன்று கிளினிக் இல்லை. செவ்வாய் 22 பின்னேரம் நம்பர் 23 இருக்கிறது. 24 நிறைந்துவிட்டது. சனி 26 காலை நம்பர் 6 இருக்கிறது. எதைப் போட?

சுகந்தி, காலை 11.40

இடைவேளையில்தான் பார்க்கிறேன். மெத்தப் பெரிய உதவி தங்கச்சி.

நேரத்தைப் பார்த்தால் எங்களுக்கு 26 காலை நம்பர் 6தான் வசதி. ஆனால் ஒரு யோசனை. ஒப்பரேஷன் செய்து ஆறு கிழமையில் காட்டச் சொல்லித்தான் 17 போட்டவர். 26 என்றால் ஒன்பது நாள் பிந்துகிறது. அவ்வளவு பிந்தினால் பரவாயில்லையா என்று நீங்களோ நானோ முடிவெடுக்க ஏலாது. இன்றைக்குப் பின்னேரம் டொக்டர் வரும்போது, நேரம் கிடைத்தால் மட்டும், ஒரு வார்த்தை கேட்டுச் சொல்வீர்களா? அதுவரைக்கும் 26 நம்பர் 6ஐ எங்களுக்குப் போட்டு வைத்தால் நன்றி. டொக்டர் 22தான் நல்லது என்றால் நம்பர் 23க்கே வருகிறோம். ஓட்டோ பிடித்துக்கொண்டு போகலாம், அது எங்கள் பாடு.

இன்னும் இரண்டு விஷயம், இரண்டையும் சேர்த்தே கேட்டுவிடுங்கோ. அம்மா இப்போது துளிமருந்தை ஒரு நாளைக்கு ஒரு தரம் விடுகிறா. 17 வரைக்கும் விடச் சொன்னது. திகதி பிந்தினால் அதுவரைக்கும் தொடர்வதா, 17ஓடு நிறுத்துவதா? போத்தலில் கொஞ்சம் மருந்து மிச்சம் இருக்கிறது.

மற்றது கேட்கவே சிரிப்பு. அந்தியேட்டி அன்று கீரிமலைக் கேணியில் தலை முழுக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறா. நான் வேண்டாம் என்றால் கேட்கமாட்டா, டொக்டர் சொன்னார் என்றால்தான் கேட்பா.

கிளினிக் மேசை, பகல் 12.10

26 நம்பர் 6ஐப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன் அக்கா. டொக்டர் பெரியாஸ்பத்திரியில் வேலை முடித்துவிட்டு நாலரைக்குப் பிறகுதான் வருவார். முதல் நோயாளியைக் கூப்பிட முன்னம் கேட்டுவிடுகிறேன். போத்தல் எப்போது திறந்தது என்று நேர்ஸ் அக்கா கேட்கிறா.

சுகந்தி, பகல் 12.15

லேபலில் அம்மா பேனையால் எழுதி வைத்திருக்கிறா, போன மாதம் 7ஆம் திகதி.

கிளினிக் மேசை, பகல் 12.25

திறந்து ஒரு மாதம் தாண்டின போத்தலை இனிப் பாவிக்க வேண்டாமாம், எவ்வளவு மிச்சம் இருந்தாலும். இன்றைக்கே புதியது வாங்கச் சொல்கிறா. பழைய துண்டில் மருந்தின் பெயர் இருக்கும், அதைப் ஃபாமசியில் காட்டினால் போதும். எத்தனை நாள் விடுவது என்பதை டொக்டர் சொல்வார். கண் சிவந்தாலோ, நோ இருந்தாலோ, திடீரென்று பார்வை மங்கினாலோ திகதி, நம்பர் ஒன்றும் பார்க்காமல் உடனே கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறா. நாங்கள் பூட்டியிருக்கிற நேரம் என்றால் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ.

சுகந்தி, பகல் 1.45

பள்ளி விட்டாச்சு, நெல்லியடியில் இறங்கி வாங்கிவிடுகிறேன். அம்மாவின் கண்ணில் சிவப்பும் இல்லை, நோவும் இல்லை. காலையில் பேப்பர் தலைப்பைக் கண்ணாடி இல்லாமல் வாசித்துக் காட்டினவா. நேர்ஸ் அக்காவுக்கும் சொல்லிவிடுங்கோ.

கிளினிக் மேசை, பின்னேரம் 4.50

அக்கா, டொக்டரிடம் கேட்டுவிட்டேன். 26 வரைக்கும் பிந்த வேண்டாம், 22 நல்லது என்கிறார். அம்மா விடுகிற மருந்து சிலருக்குக் கண்ணின் அழுத்தத்தைக் கூட்டுமாம், அதைப் பார்க்க வேண்டுமாம். 22 வரைக்கும் ஒரு தரம்படி தொடர்ந்து விடச் சொன்னார், தாங்களாக நிறுத்த வேண்டாம். கண்ணாடிக்கு எழுதுவதையும் அன்றே பார்ப்பாராம்.

கேணியில் தலை முழுக வேண்டாமாம். தான் கண்ணைப் பார்த்துச் சொன்ன பிறகு எத்தனை தரம் வேண்டுமானாலும் முழுகட்டுமாம். அன்றைக்குக் கழுத்துக்குக் கீழே குளித்துவிட்டு, தலைக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும் என்று சொன்னார். டொக்டரே சொன்னார் என்று அம்மாவிடம் சொல்லுங்கோ.

இனி நம்பர். 22க்கு 23தான் இருக்கிறது, முன்னுக்கு ஒன்றும் காலியில்லை. ஆரையும் பின்னுக்குத் தள்ள எனக்கு ஏலாது.

சுகந்தி, பின்னேரம் 5.30

இல்லை இல்லை தங்கச்சி, ஆரையும் தள்ள வேண்டாம். அவர்களும் எங்கேயோ இருந்துதான் வருகிறார்கள். 23 எங்களுக்குச் சரி, அதைப் பேனையாலேயே எழுதிவிடுங்கோ. 26 நம்பர் 6ஐ விட்டுவிடலாம்.

ஒன்று மட்டும். இடையில் ஆராவது வராமல் நின்று முன் நம்பர் ஒன்று விழுந்தால், அதை எங்களுக்குத் தர வசதிப்பட்டால் ஒரு செய்தி போடுங்கோ. இல்லையென்றாலும் குறையில்லை. டொக்டர் அன்றைக்குப் பிந்துகிறார் என்றால் அதையும் சொன்னால், அம்மாவை வீட்டில் சாப்பிட வைத்துவிட்டே வெளிக்கிடுவேன். நீரிழிவுக் குளிசை போடுகிறவா, பசியோடு நெடுநேரம் இருக்க விட ஏலாது.

கிளினிக் மேசை, பின்னேரம் 5.42

செவ்வாய் 22, நம்பர் 23, எழுதிவிட்டேன். ஒரு வழி இருக்கிறது அக்கா. டொக்டர் வர முன்னமே வந்தால் நேர்ஸ் அக்கா பார்வையைச் சோதித்து, கண் அழுத்தத்தையும் எடுத்து, துளியை விட்டுவிடுவா. அதற்குப் பிறகு கண்மணி விரிய அரை மணித்தியாலம் அளவில் இருக்க வேண்டும். 23ஆம் நம்பர் என்றாலும் அந்த நேரம் வீணாகாது, உங்கள் முறை வரும்போது அம்மா தயாராக இருப்பா. டொக்டருக்குப் பார்க்க ஐந்து பத்து நிமிஷம்தான். முதல் தரம் வருகிறவர்களுக்குத்தான் நேரம் எடுக்கும், ஒப்பரேஷன் முடிந்தவர்களுக்கு அவ்வளவு செல்லாது. நாலு மணிக்கு வந்துவிடுங்கோ. வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியையும் கொண்டுவாங்கோ, துளி விட்டால் வெளிச்சம் கூசும்.

சுகந்தி, பின்னேரம் 5.50

அது நல்ல யோசனை. பள்ளி ஒன்றரைக்கு முடியும். வீட்டுக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர நாலு மணி தாராளம்.

விளக்கமாக எழுதிவைக்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கோ: பரமேஸ்வரி, கொப்பி நம்பர் 1187, செவ்வாய் 22, நம்பர் 23, நாலு மணிக்கு வருகை, முற்பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, துளிமருந்து 22 வரைக்கும் புதுப் போத்தலில் ஒரு தரம்படி. கொப்பி, பற்றுச்சீட்டு, குளிசைகளின் பட்டியல், கறுப்புக் கண்ணாடி எல்லாம் கொண்டுவருகிறோம்.

கிளினிக் மேசை, பின்னேரம் 5.53

எல்லாம் சரி அக்கா. வீட்டில் பாவிக்கிற பழைய கண்ணாடி இருந்தால் அதையும் கொண்டுவாங்கோ, புதுக் கண்ணாடிக்கு எழுதும்போது டொக்டர் கேட்பார்.

திங்கள், 21ஆம் திகதி

கிளினிக் மேசை, காலை 10.15

அக்கா, நாளைக்கு வருகிற ஒருவர் இப்போது ஃபோன் எடுத்து ரத்துச் செய்தார். நம்பர் 11. வேண்டுமா?

சுகந்தி, காலை 10.18

ஓம் தங்கச்சி, போட்டுவிடுங்கோ. 23ஐ மற்ற ஆளுக்குக் கொடுங்கோ. நாலு மணிக்கு வருவதில் மாற்றமில்லை.

கிளினிக் மேசை, காலை 10.20

போட்டாச்சு. நாளைக்குச் சந்திப்போம். அம்மா கேணியில் இறங்கினவவா என்று நேர்ஸ் அக்கா கேட்கச் சொன்னவா.

சுகந்தி, காலை 10.31

இறங்கவில்லை. படியில் இருந்து கால் மட்டும் நனைத்தவா. வந்த சனத்துக்கெல்லாம் டொக்டர் மறித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டே இருந்தவா.