காட்பாடி மூன்று தள வீடு: முன்பக்கச் சுமைதாங்கிச் சுவர் சரிபார்ப்புக் குறிப்பு

பெறுநர்: வீட்டு உரிமையாளர், மேஸ்திரி

தரைத்தளத்தின் முன்பக்கச் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூன்று தளத்தின் சுமையும் அதன்மேல்தான் இறங்குகிறது, கதவும் பெரிய ஜன்னலும் அதில்தான் இருக்கின்றன. கணக்கு செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1905 (1987) முறைப்படி.

வரைபடத்தில் உள்ளவை: சுவர் தடிமன் 230 மிமீ. குறுக்குச் சுவர்களுக்கு இடையே நீளம் 5.8 மீ. ஆதாரங்களுக்கு இடையே உயரம் 3.1 மீ. ஸ்லாப் 120 மிமீ, தாவு 3.6 மீ. கதவு 1.0 × 2.1 மீ, ஜன்னல் 1.5 × 1.35 மீ, இரண்டுக்கும் நடுவே 0.6 மீ சுவர். மூன்று தளத்திலும் திறப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. 5 நியூட்டன்/சதுர மிமீ நாட்டுச் செங்கல், 1:6 சிமெண்ட் கலவை. இந்தச் சேர்மானத்துக்கு அடிப்படை அனுமதி அழுத்தம் 0.44 நியூட்டன்/சதுர மிமீ; கீழே வரும் அழுத்தங்களும் இதே அலகில்தான்.

மெலிவு விகிதம்

மேலும் கீழும் கான்கிரீட் பிடிப்பு இருப்பதால் பயனுறு உயரம் 0.75 × 3.1 = 2.33 மீ. 230 மிமீ-ஆல் வகுத்தால் 10.1. சிமெண்ட் கலவைச் சுவருக்கு எல்லை 27. இதில் கவலை இல்லை.

சுமை

சுவரின் சொந்த எடை 45, கைப்பிடிச் சுவர் 2.8, இரண்டு தளங்கள் 21.6, மேல்கூரை 11.7. மொத்தம் மீட்டருக்கு 81.1 கிலோ நியூட்டன். திறப்பே இல்லாத சுவர் என்று வைத்துக்கொண்டால் அழுத்தம் 0.35, குறைப்புக் காரணி போக அனுமதி சுமார் 0.38. தேறிவிடும். ஆனால் இந்த எண்ணை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். அடுத்து வரும் 0.6 மீ துண்டைப் பாருங்கள்.

திறப்புகள்

அகலம் தடிமனைப் போல் நான்கு மடங்குக்குள், அதாவது 0.92 மீட்டருக்குள் இருந்தால் அது சுவரல்ல, தூண். தூணுக்கு மெலிவு எல்லை 12-தான். பக்கத்துத் திறப்புகளில் உயரமானதன் உயரத்தையும் H1 என்று சேர்க்க வேண்டும்:

0.75H + 0.25H1 = 2.33 + 0.53 = 2.85 மீ, 2.85 / 0.23 = 12.4

எல்லையைத் தாண்டிவிட்டது. அதைவிடப் பெரிய கோளாறு அழுத்தத்தில். கதவின் பாதி, ஜன்னலின் பாதி, தன் அகலம் என 1.85 மீட்டர் சுவரின் சுமை இந்தத் துண்டில் இறங்குகிறது. திறப்புகளின் எடையைக் கழித்த பிறகும் 119 கிலோ நியூட்டன். பரப்பு 0.138 சதுர மீட்டர். அழுத்தம் 0.86. பரப்பு 0.2-க்குக் கீழ் என்பதால் அனுமதியை 0.91-ஆல் பெருக்கவும் வேண்டும். மிஞ்சுவது சுமார் 0.33. இரண்டரை மடங்கு அதிகம். நல்ல செங்கல் போட்டால் மட்டும் இது சரியாகாது. அகலம் கூடியே ஆக வேண்டும்.

நிலநடுக்கத்துக்கும் இதே சுவர்தான் இடிக்கிறது. ஐ.எஸ். 1893 (2016) பட்டியலில் வேலூர் மூன்றாம் மண்டலம். திறப்புகளின் மொத்த அகலம் 2.5 / 5.8 = 0.43. மூன்று தளத்துக்கு ஐ.எஸ். 4326-இன் தளர்வான எல்லையே 0.42.

மையவிலகல்

ஸ்லாப் விளிம்பு வெளியே தெரியாமல் இருக்க, வெளிப்பக்கம் செங்கல் வைத்து ஸ்லாபை 150 மிமீ மட்டும் உட்கார வைத்திருக்கிறார்கள். அப்போது சுமை உள்முகத்திலிருந்து 50 மிமீ தள்ளி இறங்கும். சுவர் மையத்திலிருந்து 65 மிமீ விலகல். தரைத்தளத்தில் மேலிருந்து வரும் பெரிய சுமை அதை அமுக்கிவிடுவதால் மிஞ்சுவது 11 மிமீதான். மேல்தளத்தில் அப்படி அமுக்க ஆளில்லை. கூரையும் கைப்பிடிச் சுவரும் மட்டும்தான், விலகல் 52 மிமீ. தடிமனில் ஆறில் ஒரு பங்கான 38-ஐத் தாண்டுகிறது. வெளிமுகத்தில் இழுவிசை வரும். கூரைக்குக் கீழே படுக்கையாக ஓடும் விரிசல் பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது. சுமை குறைவு என்று மேல்தளத்தை அலட்சியமாக விடக் கூடாது.

செய்ய வேண்டியது

ஜன்னலை 1.1 மீ அகலமாகக் குறையுங்கள். நடுச்சுவர் 1.2 மீ ஆகட்டும், ஓரங்களில் 1.25 மீ வீதம் நிற்கும். மூன்று தளத்திலும் இதே அளவு. ஸ்லாப் முழு 230 மிமீ-இலும் உட்காரட்டும். தாவு சுவர்த் தடிமனின் 30 மடங்குக்குள் இருப்பதால் சுமையை மையத்தில் வருவதாகவே எடுக்கலாம். 7.5 வலிமையுள்ள சேம்பர் செங்கல், 1:5 கலவை. அப்போது நடுச்சுவரில் அழுத்தம் 0.56, அனுமதி 0.65. திறப்பு விகிதம் 0.36.

வெளியே பூச்சு வேலைப்பாடாக ஸ்லாப் விளிம்பை மறைத்துக்கொள்ளலாம், அழகு கெடாது. லிண்டல் மட்டத்தில் எல்லாச் சுவர்களையும் சுற்றிக் கான்கிரீட் பட்டை விடாமல் ஓட வேண்டும்.

மேஸ்திரிக்கு: நடுச்சுவரில் கரண்ட் பைப்புக்குப் படுக்கைவாட்டில் வெட்டவே வேண்டாம். மற்ற இடங்களில் படுக்கை வெட்டு 38 மிமீ ஆழத்துக்குள், நின்ற வெட்டு 76-க்குள். செங்கல் லோடு வந்ததும் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புங்கள். 7.5 என்ற முடிவு கைக்கு வந்த பிறகே பேஸ்மெண்ட்டுக்கு மேல் முதல் வரிசை.