விண்ணப்ப இலக்கம் 14: சுயவிபர மதிப்பீடு

பதவி: நிகழ்ச்சித்திட்ட இணைப்பாளர் (தீவகம்)
பெறுபவர்: தெரிவுக் குழுவினர்
புள்ளி: களப்பணி 31/40, மானிய அறிக்கை 22/30, சமூகத் தொடர்பு 19/30. மொத்தம் 72.

முதல் பக்கத்தைப் படித்துவிட்டு இதை ஒதுக்கப் பார்த்தேன். 'மக்களுடன் இணைந்து பணியாற்றும் ஆர்வம்', 'அழுத்தத்திலும் இயங்கும் திறன்' என்று எல்லோரும் எழுதுவதையே இவரும் எழுதியிருக்கிறார். 'வட மாகாணம் முழுவதும் களப்பணி' என்ற வரிக்கு நான் புள்ளி போடவில்லை. அப்புறம் இரண்டாம் பக்கத்தில் வேறொரு ஆள் எழுதியதுபோல் இருந்தது.

நெடுந்தீவு வேலையைப் பற்றிய பந்தியைப் பாருங்கள். மாதம் இரண்டு பயணம், ஒவ்வொன்றிலும் ஓர் இரவு தங்கல், ஆறு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் குறிகட்டுவானிலிருந்து படகு ஓடாத நாட்களுக்கென்று ஒவ்வொரு சங்கத்திலும் ஒருவருக்குப் பதிவேடு எழுதப் பழக்கியதாகவும், அடுத்த பயணத்தில் அந்தப் பதிவேட்டைக் கடன் அட்டைகளோடு ஒப்பிட்டதாகவும் எழுதியிருக்கிறார். இறங்குதுறையில் காத்துக் கிடந்து திரும்பி வந்தவருக்குத்தான் இந்த யோசனை வரும். களப்பணியில் பெரும்பகுதிப் புள்ளி இந்த மூன்று வரிக்கே.

ஒரு இடத்தில் இடறுகிறது. 2020 மார்ச் முதல் மே வரை 'வேலணையில் 12 குழுக் கூட்டங்கள்' என்று இருக்கிறது. மார்ச் 20இல் நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அந்த வாரங்களில் ஒழுங்கைக்குள் நாலு பேர் கூட முடியவில்லை. தொலைபேசியில் நடத்தியிருக்கலாம், அல்லது திட்டத்தில் இருந்த எண்ணிக்கையை நடந்ததாகப் போட்டிருக்கலாம். முதலாவதானால் அது இவருக்குப் பெருமை, ஏன் மறைத்தார் என்று தெரியவில்லை. இரண்டாவதானால் 31இலிருந்து நானே குறைப்பேன். நேர்முகத்தில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

மானிய அறிக்கை விடயத்தில் 'காலாண்டு அறிக்கைகள் தயாரிப்பதில் உதவினேன்' என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. புகைப்படம் சேர்த்தவரும் உதவியவர்தான். ஆனால் 2022ஆம் ஆண்டுக்குக் கீழே, ரூபாய் விழுந்தபின் யூரோவில் வந்த மானியத்தில் ரூபாய்க் கணக்கு பெருகியதையும், அதே நேரம் எரிபொருள், வலை, கோழித்தீவனம் எல்லாம் விலையேறியதையும் விளக்கி, வரவுசெலவுத் திட்டத்தை இரண்டு தடவை திருத்தி நிதி வழங்குநரிடம் எழுத்தில் அனுமதி பெற்றதாகச் சொல்கிறார். அந்த வருடம் இந்தத் தொல்லை இல்லாமல் எந்த மானியமும் ஓடவில்லை. அதைச் சுயவிபரத்தில் எழுதியவர் நான் பார்த்த 19 பேரில் இவர் மட்டும்தான். எட்டுப் புள்ளி குறைத்ததற்குக் காரணம், அறிக்கையின் விவரணப் பகுதியை யார் எழுதினார் என்று எங்கும் இல்லை. பயனாளிகளின் பெயரை நீக்கி, தானே எழுதிய ஒரு அத்தியாயத்தைக் கொண்டு வரச் சொல்லுவோம். முன்னைய நிறுவனத்தின் சம்மதத்தோடுதான்.

சமூகத் தொடர்பில் '3,500 பயனாளிகள்' என்ற எண்ணை நான் நம்பவில்லை. ஒரே அம்மா சேமிப்புக் குழுவிலும் வீட்டுத்தோட்டப் பயிற்சியிலும் சுகாதாரக் கூட்டத்திலும் இருந்தால் மூன்று பேராகிவிடுவார். நாங்களும் அப்படி எண்ணியிருக்கிறோம், அது வேறு கதை. அதைவிட எனக்குப் பிடித்தது ஊர்காவற்றுறையில் நடந்தது. வார நாளில் காலை பத்து மணிக்கு வைத்த கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் நண்டுக் கம்பனி வேலைக்குப் போய்விட்டார்கள். பங்குத்தந்தையிடம் கேட்டு ஞாயிறு பூசை முடிந்த பிறகு மாற்றியதும் 34 பேர். ஆனால் வந்தவர்கள் என்ன சொன்னார்கள், அதனால் திட்டத்தில் என்ன மாறியது என்று ஒரு வரிகூட இல்லை. முறைப்பாட்டுப் பெட்டி, கிராம அலுவலரோடு சிக்கல், கூட்டத்தில் எதிர்ப்பு எதுவுமே வராத ஆறு வருட வேலை எப்படி இருக்கும்?

கல்வி, கணினி, மொழி எல்லாம் போதும். மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் இருக்கிறது. சிங்களம் 'ஓரளவு' என்கிறார்; இந்த வேலைக்கு அது தடையில்லை.

என் சிபாரிசு: நேர்முகத்துக்கு அழைக்கவும். இலக்கம் 3 அழகாக எழுதியிருக்கிறார், 76 எடுத்திருக்கிறார், தெரியும். ஆனால் அவருடைய பக்கங்களில் ஒரு ஊர்ப் பெயர்கூட இல்லை. இருவரையும் ஒரே நாளில், இவரைக் காலையில் பார்ப்போம். நெடுந்தீவிலிருந்து வருகிறாரென்றால் பதினொரு மணிக்கு மேல் நேரம் கொடுங்கள். முதல் படகில் வந்து பஸ் பிடிக்க வேண்டும்.