ஆண்டு விழாவுக்கு வர இயலாமை குறித்து

வேலந்தாவளம்,
28-1-2026

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

வணக்கம் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் பிடிஏ தலைவரும் வீடு தேடி வந்து, பிப்ரவரி 13ஆம் தேதி நடக்கும் ஆண்டு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக அழைத்தீர்கள். நான் படித்த பள்ளிக்கூடம் என்னைக் கூப்பிடுகிறது என்ற சந்தோஷத்தில் "பார்க்கலாம் டீச்சர்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னால் வர முடியாது. தயவுசெய்து நோட்டீஸில் என் பெயரைப் போட வேண்டாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அக்கா மகனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "சும்மா வந்து உட்கார்ந்தால் போதும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் மறுபடியும் "பார்க்கலாம்" என்று சொல்லிவிடுவேன்.

காலில் கட்டு இருந்ததைப் பார்த்தீர்கள். "சின்னக் காயம்" என்று நான் சமாளித்தேன். நடந்தது இதுதான். பொங்கலன்று வாசலில் அடுப்பு கூட்டிப் பனை ஓலை வைத்து எரித்தோம். வெறுங்காலோடு ஓலை இழுத்துப் போட்டதில் கருக்கு மட்டையை மிதித்திருக்கிறேன். மிதித்தது எனக்குத் தெரியவே இல்லை. மறுநாள் காலையில் அடுப்படியிலிருந்து திண்ணை வரைக்கும் சிவப்பாகக் கால்தடம் இருந்ததை அக்கா மகள்தான் காட்டினாள். பதினெட்டு வருஷச் சர்க்கரை வியாதி என் பாதத்து நரம்புகளைத் தின்று வைத்திருக்கிறது. வலித்திருந்தால் தப்பித்திருப்பேன்.

அதிலும் நான் செய்த வேலையைப் பாருங்கள். முப்பத்து மூன்று வருஷம் நர்ஸாக இருந்தவள், மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு மூன்று நாள் வீட்டிலேயே இருந்தேன். வேறு யாராவது அப்படி வந்திருந்தால் வார்டே அதிரும்படி திட்டியிருப்பேன். நாலாம் நாள் கால் வீங்கிக் காய்ச்சல் வந்த பிறகுதான் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனார்கள். பெருவிரலுக்குக் கீழே திறந்து சுத்தம் செய்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு வரைக்கும் போகவில்லை என்று தெரிந்தது, அதுவே பெரிய விஷயம். 24ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை. வாக்கரைப் பிடித்து ஒற்றைக்காலில் பாத்ரூம் போகலாம், வரலாம், அவ்வளவுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். கணக்குப் பார்த்தால் மார்ச் மாதம் பிறந்துவிடும். நீங்கள் விழா வைத்திருப்பது சரியாக நடுவில்.

இத்தகைய புண்ணுக்கு மருந்து பாதி என்றால், பாரம் படாமல் இருப்பது மீதிப் பாதி. ஒரு மணி நேரம் நின்றால் பத்து நாள் ஆறியது போய்விடும். ஆறாத புண்ணோடு வந்து, விரலையும் சில சமயம் காலையுமே விட்டுவிட்டுப் போனவர்களை என் கையாலேயே கட்டுப்போட்டு அனுப்பியிருக்கிறேன். அதனால் எனக்குப் பயம் இருக்கிறது டீச்சர். அதை மறைக்க விரும்பவில்லை.

உட்கார்ந்தே இருக்கலாமே என்று பிடிஏ தலைவர் சொல்வார் என்று தெரியும். ஆண்டு விழா மேடையில் எந்தச் சிறப்பு விருந்தினர் உட்கார்ந்தே இருந்திருக்கிறார்? பிரார்த்தனைக்கு எழுந்து நிற்க வேண்டும், நிலவிளக்கு ஏற்ற வேண்டும், பொன்னாடைக்கு நிற்க வேண்டும், பரிசு கொடுக்க வேண்டும். போன வருஷம் கூட்டத்தில் உட்கார்ந்து எண்ணினேன், தொண்ணூறு பரிசுக்கு மேல் இருந்தது. கடைசிக் குழந்தை வாங்கும்போது கொடுப்பவர் உட்கார்ந்தபடி கையை நீட்டினால் அந்தக் குழந்தையின் போட்டோவில் அது எப்படி இருக்கும்? அப்புறம் தை மாதத்துப் பாலக்காட்டுக் காற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைதானத்து மண் முழுக்க மேடைக்கு வந்துவிடும்.

ஆட்டோ அனுப்பி, படியில் நாற்காலியோடு நாலு பையன்களைத் தூக்கச் சொல்கிறேன் என்றும் அவர் சொன்னார். அவருடைய அன்பு பெரிது. ஆனால் நாலு பேர் தூக்குவதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது வேளைக்கு இன்சுலின் போடுகிறேன். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு இடத்தில் ஒரு விழாவுக்கு அழைத்திருந்தார்கள். நாலு மணி என்று போட்டிருந்தது, ஆரம்பிக்க ஆறேகால் ஆனது. மேடையிலேயே எனக்கு வியர்த்துக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் சைகை காட்டி ஒரு மிட்டாய் வாங்கிப் போட்டுக்கொண்டேன். உங்கள் விழா நேரத்துக்குத் தொடங்கும், சந்தேகமில்லை. இருந்தாலும் நம்ம ஊர் விழா நம்ம ஊர் விழாதானே.

ஒரு வாரம் கழித்துக் காலின் நிலையைப் பார்த்துச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கலாம். "வர முயற்சி செய்கிறேன்" என்று மரியாதையாக எழுதலாம். அதை மட்டும் எழுத மாட்டேன். அதற்குக் காரணம் நம் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது.

1974இல் நான் ஒன்பதாம் வகுப்பு தமிழ் மீடியம். அந்த வருஷ ஆண்டு விழாவுக்கு யாரோ ஒரு பெரியவர் வருவதாக இருந்தது. பெயர் மறந்துவிட்டது, கடைசி வரை பார்க்கவே இல்லையே! முந்தின நாளே மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்தோம். கும்மிக்கு எட்டுப் பேர், நான் மூன்றாவது. மத்தியானமே பவுடர் பூசிக் கனகாம்பரம் வைத்து வரிசையில் நிறுத்திவிட்டார்கள். ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் பின் வரிசைப் பையன்கள் "வந்தாச்சு, வந்தாச்சு" என்று கத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது கள்ளு வண்டியாகவோ தேங்காய் லாரியாகவோ இருக்கும். இருட்டிப் பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். தூரத்து ஊர்க் குழந்தைகளை அவர்கள் வீட்டில் வந்து கூட்டிப் போய்விட்டார்கள். எங்கள் எட்டுப் பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள், ஆறு பேரை வைத்துக் கும்மி வட்டம் சரியாக வரவில்லை.

கடைசியில் அப்போதைய ஹெட்மாஸ்டர், மணி அடிக்கும் பியூனை அந்த அலங்கார நாற்காலியில் உட்கார வைத்துப் பரிசு கொடுக்கச் சொன்னார். அவர் உட்காரவே இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எல்லாருக்கும் கொடுத்தார். கட்டுரைப் போட்டியில் எனக்குக் கிடைத்த எவர்சில்வர் டம்ளர் அவர் கையால் வாங்கியது. இன்றைக்கும் மாத்திரை போட அதில்தான் தண்ணீர் எடுக்கிறேன். அந்தப் பெரியவர் ஏன் வரவில்லை என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அவருக்கும் உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு ஆளை அனுப்பிச் சொல்லியிருந்தால் எங்கள் கும்மி எட்டுப் பேரோடு நடந்திருக்கும்.

தேதியை எனக்காகத் தள்ளிவைக்கவும் வேண்டாம். இந்த வருஷம் ஓய்வு பெறும் இரண்டு டீச்சர்களுக்கு வழியனுப்பும் அன்றைக்குத்தான் என்று சொன்னீர்கள். மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்குப் பரீட்சை. என் கால் காத்திருக்கட்டும், அவர்கள் காத்திருக்கக் கூடாது.

எனக்குப் பதில் யார் என்று கேட்டால், என் மனதில் ஒருவர் இருக்கிறார். சித்தூர் பஸ்ஸில் கேஎஸ்ஆர்டிசி கண்டக்டராக வருகிறதே ஒரு பெண், அவள் நம் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவள்தான். டிக்கெட்டைத் தமிழில் கேட்டால் தமிழிலும், மலையாளத்தில் கேட்டால் மலையாளத்திலும் பதில் சொல்வாள், சில்லறை இல்லையென்றால் இரண்டிலும் திட்டுவாள். உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவளைத் தினமும் தெரியும். நான் அவளிடம் ஒன்றும் பேசவில்லை. நீங்களும் பிடிஏ தலைவரும் என்னைத் தேடி வந்ததுபோல அவள் வீட்டுக்கும் நேரில் போய்க் கூப்பிடுங்கள். முதலில் என்னைக் கேட்டீர்கள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். இது என் யோசனை மட்டுமே, முடிவு உங்களுடையது.

மேடையில் பேச வைத்திருந்ததில் ஒன்றை மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன், பிள்ளைகளுக்கு வகுப்பில் சொன்னாலும் சரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மலையாளப் பாட்டி என் கையைப் பிடித்து "வேதன உண்டு மோளே" என்றாள். வீட்டில் ஏதோ மனக்கஷ்டம் என்று நினைத்து அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். அவளுக்கு இருந்தது வயிற்று வலி! மலையாளத்தில் வேதனை என்றால் வலி என்று சீனியர் சிஸ்டர் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. இரண்டு பாஷைக்கும் நடுவில் பிறந்து வளர்ந்த எனக்கே அப்படி. இப்போது என் காலில் மலையாள வேதனை இல்லை, உங்களுக்கு இந்தக் கடிதம் எழுதுவதில் தமிழ் வேதனை நிறைய இருக்கிறது.

இத்துடன் ஒரு கவரில் 2,000 ரூபாய் வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்புத் தமிழில் அதிக மதிப்பெண் எடுக்கும் பெண்ணுக்கு என் அம்மா பெயரில் கொடுக்கலாம். எவர்சில்வர் டம்ளராக வாங்கினால் எனக்குத் திருப்தி. புத்தகம்தான் நல்லது என்று நீங்கள் நினைத்தால் புத்தகமே வாங்குங்கள்.

மைக்கில் "உடல்நலக் குறைவால் வர இயலவில்லை" என்று ஒரு வரி சொன்னால் போதும். சர்க்கரை, புண் என்றெல்லாம் விவரம் போய்விட்டால் மறுநாள் காலையிலேயே ஊரார் பாகற்காய்ச் சாறோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். எனக்கு அதைக் குடிக்கத் தெம்பில்லை.

ஜூனில் பள்ளி திறந்த பிறகு, கால் ஆறியிருந்தால், ஒருநாள் மதியம் வருகிறேன். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். எட்டாம் வகுப்பில் ஒரு பெஞ்சும், ஒரு வாளித் தண்ணீரும், சோப்பும் போதும். அடிபட்டால் முதலில் மஞ்சள் பூசக் கூடாது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தபோது காபி கொடுக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை. அது மனதில் நிற்கிறது. விழா முடிந்த பிறகு, கும்மி ஆடும் பெண்களின் போட்டோ இருந்தால் அக்கா மகனின் வாட்ஸப்புக்கு அனுப்பி வையுங்கள். எத்தனை பேர் ஆடினார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் பழைய மாணவி,
க. ருக்மணி
(ஓய்வு பெற்ற நர்ஸ்)