ஜூலை மாதக் கட்டணம்: பெரியவர்களுக்காகப் பெரிய எழுத்தில்

வணக்கம். போன வாரம் ஒட்டிய நோட்டீஸில் உள்ளதுதான் இது, புதிதாக எதுவும் இல்லை.

பராமரிப்பு 3,200 ரூபாய், தண்ணீர் லாரிக்கு உங்கள் பங்கு 450. மொத்தம் 3,650 ரூபாய். ஜூலை 10, வெள்ளிக்கிழமைக்குள் கட்டிவிடுங்கள். சனிக்கிழமை முதல் 100 ரூபாய் அபராதம் சேரும்.

செக், பணம் இரண்டும் வாங்குவோம். கீழ்த்தள ஆபீசில் காலை 10 முதல் 12 வரை ஆள் இருப்பார். படி இறங்க முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் பொருளாளரே வீட்டுக்கு வருவார். வாட்ச்மேன் கையில் பணம் தர வேண்டாம். ரசீது கேட்டு வாங்குங்கள். போனில் யார் ஓடிபி கேட்டாலும் சொல்லாதீர்கள். நாங்கள் கேட்கவே மாட்டோம்.

ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை தொட்டி கழுவுகிறோம். காலை 9 முதல் மதியம் 2 வரை தண்ணீர் வராது. முதல் நாளே பிடித்து வையுங்கள்.

மாடிப்படியில் செருப்பு, பூந்தொட்டி வைக்கக் கூடாது. கால் தடுக்கும்.

செயலாளர்,
குடியிருப்போர் சங்கம்