பருவத் தேர்வு: இடமாற்றமும் வருகை நேர மாற்றமும் குறித்த அறிவிப்பு

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகம்
திருச்சிராப்பள்ளி
நாள்: 19.11.2025

24.11.2025 திங்கட்கிழமை தொடங்கவுள்ள பருவத் தேர்வுகளை எழுதும் இளநிலை, முதுநிலை மாணவ மாணவியர் அனைவருக்கும் தெரிவிக்கப்படுவதாவது:

கடந்த வாரம் பெய்த தொடர்மழையில் முதன்மைக் கட்டடத்தின் இரண்டாம் தளக் கூரையில் நீர் கசிந்து, இரு அறைகளில் மேற்பூச்சு பெயர்ந்து விழுந்துள்ளது. பழுது நீக்கும் பணி முடிய மூன்று வாரங்களாகும் என்பதால், அங்கு நடைபெறவிருந்த முற்பகல் தேர்வுகள் அனைத்தும் நூலகத்தின் பின்புறமுள்ள அறிவியல் கட்டடத்திற்கு மாற்றப்படுகின்றன. இளநிலை மாணவர்களுக்கு முதல் தளத்திலும் முதுநிலை மாணவர்களுக்கு இரண்டாம் தளத்திலும் இருக்கைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. பிற்பகலில் நடைபெறும் அரியர் தேர்வுகளில் எவ்வித மாற்றமும் இல்லை. அவை முன்னர் அறிவித்தபடி முதன்மைக் கட்டடத்தின் தரைத்தளத்திலேயே நடைபெறும்.

முற்பகல் தேர்வு வழக்கம்போல் காலை 10.00 மணிக்குத் தொடங்கும். ஆனால், 9.30 மணிக்கு வந்தால் போதும் என்ற முந்தைய அறிவிப்பு ரத்து செய்யப்பட்டு, அனைவரும் 9.00 மணிக்கே கட்டடத்தின் முகப்பில் இருக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. அறிவியல் கட்டடத்தில் மேலே செல்ல ஒரே படிக்கட்டுதான் உள்ளது. பைகளையும் கைப்பேசிகளையும் தரைத்தளத்தில் ஒப்படைத்துவிட்டு, சோதனை முடிந்து அனைவரும் இருக்கையில் அமர அரை மணி நேரம் போதாது. துறையூர், முசிறிப் பகுதிகளிலிருந்து வருவோர் வழக்கமாக ஏறும் பேருந்துக்கு முந்தைய பேருந்தில் புறப்படுவது நல்லது. 10.30 மணிக்குப் பின் வருவோர் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கப்படமாட்டார்கள்.

ஏற்கெனவே வழங்கப்பட்ட நுழைவுச்சீட்டில் பழைய இடமும் பழைய நேரமுமே அச்சாகியிருந்தாலும் அச்சீட்டு செல்லும். புதிதாகப் பெற வேண்டியதில்லை. பதிவெண் வாரியான இருக்கைப் பட்டியல் 22.11.2025 சனிக்கிழமை மாலை 4.00 மணிக்கு நூலக வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அதைப் பார்த்து அறை எண்ணைக் குறித்துக்கொண்டால், தேர்வு நாள் காலையில் பலகை முன் கூட்டம் சேராது.

படியேற இயலாத மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், சொல்வதை எழுதுபவர் துணையுடன் தேர்வெழுதுவோருக்கும் அறிவியல் கட்டடத்தின் தரைத்தளத்தில் தனி அறை ஒதுக்கப்பட்டுள்ளது. காலில் அடிபட்டோ உடல்நலம் குன்றியோ இந்த வசதி தேவைப்படுவோர் தத்தம் துறைத் தலைவர் வழியாக 21.11.2025 வெள்ளிக்கிழமை மாலைக்குள் இவ்வலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

கனமழை காரணமாக மாவட்ட ஆட்சியர் கல்லூரிகளுக்கு விடுமுறை அறிவித்தால் மட்டுமே அன்றைய தேர்வு தள்ளிவைக்கப்படும். மாற்றுத் தேதி பின்னர் அறிவிக்கப்படும். மழை பெய்கிறது என்பதாலோ, வாட்ஸ்அப் குழுக்களில் வரும் செய்தியை நம்பியோ தேர்வுக்கு வராதிருந்தால் வருகையின்மையாகவே பதிவு செய்யப்படும்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்

நகல்: அனைத்துத் துறைத் தலைவர்கள், விடுதிக் காப்பாளர்கள், நூலகர், அறிவிப்புப் பலகை.