வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தர வேண்டி வீட்டு உரிமையாளருக்கு எழுதும் கடிதம்

அனுப்புநர்:
மு. கார்த்திகேயன்,
முதல் மாடி வாடகைதாரர்,
அய்யர் பங்களா, மதுரை.

பெறுநர்:
திரு. இராம. சொக்கலிங்கம் அவர்கள்,
வீட்டு உரிமையாளர்,
காரைக்குடி.

நாள்: 9.3.2025

பொருள்: 31.3.2025 அன்று முடியும் வாடகை ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதி, முகவரிச் சான்றாகப் பயன்படும் வகையில் பதிவு செய்து தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது இந்த விஷயத்தைத் தொடங்கினேன். பேச்சிலேயே முடிவு செய்ய வேண்டாம், எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பினால் மகனிடமும் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று தாங்கள் கூறியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தங்கள் வீட்டின் முதல் மாடியில் நான் குடும்பத்துடன் 1.5.2024 முதல் குடியிருந்து வருகிறேன். அப்போது பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, நாம் இருவரும் கையெழுத்திட்டு, நோட்டரி முத்திரையும் பெற்றுக்கொண்டோம். அன்றைக்கு அது போதுமானதாகவே தோன்றியது. இப்போது என் மனைவி பாஸ்போர்ட் எடுக்க வேண்டிய தேவை வந்திருக்கிறது. அவர் பணிபுரியும் மருத்துவமனையில் இருந்து செவிலியர்கள் சிலரை வெளிநாட்டுப் பணிக்குப் பரிந்துரைக்க இருக்கிறார்கள். பாஸ்போர்ட் கையில் இருப்பவர்களின் பெயர்களையே பட்டியலில் சேர்க்கிறார்கள். அவருடைய ஆதாரில் இன்னும் நத்தத்தில் உள்ள பெற்றோர் வீட்டு முகவரிதான் இருக்கிறது. என் ஆதாரில் விருதுநகர் முகவரி. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தற்போது குடியிருக்கும் முகவரியைக் கொடுக்க வேண்டும், காவல்துறை விசாரணையும் அந்த முகவரிக்கே வரும் என்பதால், வசிக்காத ஊரின் முகவரியைக் காட்டி விண்ணப்பிக்க எங்களுக்கு விருப்பமில்லை; அது முறையும் ஆகாது.

மதுரை முகவரிக்குச் சான்று என்று எங்கள் பெயரில் எதுவும் இல்லாததுதான் சிக்கல். சொத்து வரி ரசீது தங்கள் பெயரில் இருக்கிறது. மின் இணைப்பு இன்னும் தங்கள் தகப்பனார் பெயரிலேயே இருப்பதால், அந்த ரசீதோடு தங்கள் ஒப்புதல் கடிதத்தை இணைத்தாலும் பெயர்களுக்குள் தொடர்பு காட்ட முடியவில்லை. சமையல் எரிவாயு இணைப்பு என் தாயார் பெயரில் விருதுநகரில் உள்ளது. நோட்டரி செய்த ஒப்பந்தத்தை ஆதார் சேவை மையத்தில் கொடுத்துப் பார்த்தேன். முத்திரை என்னவோ பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்தவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சார்பதிவாளர் அலுவலக ஆவண எண் எங்கே என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட் அலுவலகம் ஏற்கும் முகவரிச் சான்றுகளிலும் பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தமே இடம்பெற்றுள்ளது.

பழைய ஒப்பந்தத்தையே கொண்டுபோய்ப் பதிவு செய்துவிடலாமே என்று தாங்கள் கேட்டீர்கள். அதற்கு வழியில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, ஓர் ஆவணத்தை எழுதிக் கையெழுத்திட்ட நாளில் இருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். நம் ஒப்பந்தம் அந்தக் காலத்தைக் கடந்துவிட்டது. எப்படியும் இம்மாத இறுதியோடு அது முடிவதால், 1.4.2025 முதல் புதிய ஒப்பந்தம் எழுதுவதே சரியாக இருக்கும். ஏற்கெனவே பேசியபடி மாத வாடகை 13,500 ரூபாயில் இருந்து 14,000 ரூபாயாக உயர்வதையும், முன்பணம் 42,000 ரூபாயாகத் தொடர்வதையும் அதிலேயே குறிப்பிட்டுவிடலாம். காலம் பதினொரு மாதமாகவே இருக்கட்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம் என்பதால் பதினொரு மாத ஒப்பந்தங்களைப் பலரும் பதியாமல் விடுகிறார்களே தவிர, அவற்றைப் பதிவு செய்யத் தடை எதுவும் இல்லை.

தாங்கள் தயங்குவதன் காரணம் எனக்குப் புரிகிறது. தங்கள் சிற்றப்பா வீட்டில் குடியிருந்தவர் காலி செய்ய மறுத்து வழக்கு நீண்ட காலம் இழுத்ததைத் தாங்கள் சொன்னீர்கள். அது 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம். அந்தச் சட்டம் இப்போது நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்டு 22.2.2019 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், இரு தரப்பும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தையே அடிப்படையாகக் கொள்கிறது. வாடகை எவ்வளவு, எத்தனை மாதம், எப்போது காலி செய்ய வேண்டும் என்பதெல்லாம் நாம் எழுதியபடியே. அதே சட்டப்படி, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்படாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்க இயலாது. ஆகவே, நாளை நானே வாடகை பாக்கி வைத்தால்கூட (அப்படி நேராது என்று உறுதி கூறுகிறேன்) தங்கள் கையில் வலுவான காகிதமாக இருக்கப்போவது பதிவு செய்த ஒப்பந்தம்தான். என் தேவைக்காக எழுதுகிறேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இதில் பாதுகாப்பு தங்களுக்கே கூடுதல் என்பது என் எண்ணம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால், இந்த வாடகை ஒப்பந்தம் தங்கள் வீட்டின் வில்லங்கச் சான்றில் ஒரு பதிவாக வரும். பதினொரு மாதக் கால வரையறையும் அதிலேயே தெரியும் என்பதால் அதனால் உரிமைக்குக் குறைவு ஒன்றும் இல்லை. என்றாலும் இடையில் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ தாங்கள் கருதினால், வாங்குபவரோ வங்கியோ கேட்கக்கூடும். அத்தகைய நிலையில் தாங்கள் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால், என் செலவிலேயே வந்து ரத்து ஆவணத்தில் கையெழுத்திட்டு வீட்டை ஒப்படைப்பேன் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.

வருமான வரி பற்றியும் தங்கள் மகன் கேட்டதாகச் சொன்னீர்கள். நான் ஆரம்பம் முதலே வாடகையை வங்கிக் கணக்கில்தான் செலுத்தி வருகிறேன். ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுவதால், வீட்டு வாடகைப்படிக்கான வரிச் சலுகை பெறத் தங்கள் பான் எண்ணையும் தங்கள் அனுமதியோடு என் நிறுவனத்தில் கொடுத்திருக்கிறேன். எனவே பதிவினால் வரித்துறைக்குப் புதிதாகத் தெரியப்போவது எதுவும் இல்லை.

செலவு முழுவதும் என்னுடையது. பதினொரு மாத வாடகை 1,54,000 ரூபாயும் முன்பணம் 42,000 ரூபாயும் சேர்த்து 1,96,000 ரூபாய். அதில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம் 1,960 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம் 1,960 ரூபாய், ஆக 3,920 ரூபாய் என்று ஆவண எழுத்தர் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார். இதற்கு மேல் வரும் எழுத்துக் கூலி, கணினிக் கட்டணம், தாங்கள் காரைக்குடியில் இருந்து வந்து திரும்பும் கார் வாடகை ஆகியவற்றையும் நானே ஏற்கிறேன். இதில் எதையும் வாடகையிலோ முன்பணத்திலோ கழிக்க மாட்டேன்.

தாங்கள் ஒரு முறை நேரில் வர வேண்டியிருக்கும்; ஒளிப்படமும் விரல் ரேகையும் அங்கேயே எடுப்பார்கள் என்பதால் அதை மட்டும் தவிர்க்க இயலவில்லை. tnreginet.gov.in தளத்தில் நாளும் நேரமும் முன்பதிவு செய்து டோக்கன் பெற்றுவிடுகிறேன். தங்களுக்கு முழங்கால் வலி இருப்பதால் கூட்டம் குறைவாக இருக்கும் முற்பகல் நேரமாகப் பார்க்கிறேன். வரும்போது தங்கள் ஆதார் அட்டை, வீட்டுப் பத்திரத்தின் நகல், நடப்பு சொத்து வரி ரசீது ஆகியவற்றைக் கொண்டு வந்தால் போதும். மூலப் பத்திரத்தை என்னிடம் தர வேண்டியதில்லை. சாட்சிகள் இருவரை, அதாவது என் அலுவலக நண்பரையும் கீழ்வீட்டு அண்ணனையும், நான் அழைத்து வருகிறேன்.

ஒப்பந்த வாசகத்தில் இரண்டு இடங்களைத் தாங்கள் குறிப்பாகப் பார்க்க வேண்டுகிறேன். முதலாவது, வாடகைதாரர் என்ற இடத்தில் என் பெயரோடு என் மனைவி பெயரையும் ஆதாரில் உள்ளபடி, தலைப்பெழுத்து உட்பட, சேர்த்திருக்கிறேன். அவர் பெயர் இல்லாவிட்டால் அவருடைய பாஸ்போர்ட்டுக்கு இந்த ஆவணம் நேரடியாக உதவாது. இரண்டாவது, கதவு எண். பழைய ஒப்பந்தத்தில் பழைய எண் மட்டும் இருக்கிறது, வரி ரசீதிலோ புதிய எண் இருக்கிறது, வாசல் பலகையில் இரண்டும் கோடு போட்டு எழுதப்பட்டுள்ளன. விசாரணைக்கு வருபவருக்குக் குழப்பம் வராதபடி பழைய எண், புதிய எண், முதல் மாடி, அஞ்சல் குறியீட்டு எண் என எல்லாவற்றையும் வரி ரசீதோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இது முடிந்த பிறகு, 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை அதிகார அமைப்பிடமும் ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும். அது வேறு, சார்பதிவாளர் பதிவு வேறு. பலரும் இரண்டையும் ஒன்றெனக் கருதுகிறார்கள். அதை tenancy.tn.gov.in தளத்தில் இணையவழியாகச் செய்துவிடலாம், அதற்காகத் தாங்கள் மீண்டும் மதுரைக்கு வர வேண்டியதில்லை. கிடைக்கும் வாடகைப் பதிவு எண்ணின் நகலையும், பதிவான ஒப்பந்தத்தின் சான்றிட்ட நகலையும் தங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

வரைவு ஒப்பந்தத்தை இத்துடன் இணைத்துள்ளேன். தாங்களும் தங்கள் மகனும் படித்து, மாற்ற வேண்டியதை ஓரத்திலேயே குறித்துத் திருப்பி அனுப்பினால் போதும். தங்கள் வழக்கறிஞரிடம் காட்ட விரும்பினாலும் எனக்கு மகிழ்ச்சியே. பழைய ஒப்பந்தம் 31ஆம் தேதியுடன் முடிவதால், 20.3.2025க்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால், ஏப்ரல் முதல் வாரத்தில் தங்களுக்கு வசதியான ஒரு நாளுக்கு டோக்கன் போட்டுவிடுவேன். செவ்வாய்க்கிழமைகளில் தாங்கள் பயணம் செய்வதில்லை என்பது நினைவில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. கார்த்திகேயன்

இணைப்பு: வரைவு வாடகை ஒப்பந்தம், ஆவண எழுத்தர் கொடுத்த செலவுக் கணக்கு, என்னுடைய, என் மனைவியுடைய ஆதார் நகல்கள்.