பொருள்: தமிழாசிரியர் பணியை ஏற்கிறேன் – சேரும் தேதியும் சில விவரங்களும்

வணக்கம் திருமதி மல்லிகா,

வெள்ளிக்கிழமை நீங்கள் அனுப்பிய நியமனக் கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி. உங்கள் துணைப்பாட நிலையத்தில் தமிழாசிரியராகச் சேர எனக்குச் சம்மதம். மாதிரி வகுப்பன்று தொடக்கநிலை 4 பிள்ளைகள் தங்களுக்குள் தமிழிலேயே வாக்குவாதம் செய்ததைக் கேட்டபோதே மனத்தில் முடிவு செய்துவிட்டேன்.

சேரும் தேதியில்தான் ஒரு சிக்கல். மூன்றாம் தவணை தொடங்கும் ஜூன் 29 என்று கடிதத்தில் இருக்கிறது. இப்போது நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளிக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். வரும் திங்கட்கிழமை, ஜூன் 1 அன்று விலகல் கடிதம் கொடுத்தால் ஜூலை 31 வரை ஆகும். மீதமுள்ள 8 நாள் ஆண்டு விடுப்பை அதில் கழித்துக்கொண்டால் ஜூலை 21 கடைசி நாள். மறுநாளே, ஜூலை 22 புதன்கிழமை, உங்களிடம் வந்துவிடுவேன். முன்னறிவிப்புக்கு ஈடாகப் பணம் கட்டிவிட்டு முன்கூட்டியே வரலாம்தான். ஆனால் என்னோடு பழகிவிட்ட சின்னப் பிள்ளைகளைத் திடீரென்று விட்டுவர மனம் இல்லை. ஆகஸ்ட்டில் நடக்கும் பிஎஸ்எல்இ வாய்மொழித் தேர்வுக்கு முன் தொடக்கநிலை 6 மாணவர்களோடு உரையாடல் பயிற்சி செய்யச் சில வாரங்கள் கிடைக்கும் என்பதால்தான் இந்தத் தேதியைக் கேட்கிறேன்.

அப்புறம், விலகல் கடிதம் கொடுக்கும் முன் சில விஷயங்கள் எழுத்தில் தெளிவாகிவிட வேண்டும். முக்கியமானது சம்பளம். நேர்காணலில் அடிப்படைச் சம்பளம் 3,800 வெள்ளி என்றீர்கள். கடிதத்திலோ "மத்திய சேமநிதி உட்பட 3,800 வெள்ளி" என்று உள்ளது. என் பங்கான 20 விழுக்காட்டை அதிலிருந்து பிடிப்பீர்கள் என்றால் சரி. நிலையம் கட்ட வேண்டிய 17 விழுக்காடும் அதற்குள் அடக்கம் என்றால், அடிப்படைச் சம்பளம் ஏறக்குறைய 3,248 வெள்ளிக்கு இறங்கிவிடும். அதற்கு என்னால் ஒப்புக்கொள்ள இயலாது. வாசகத்தில் நேர்ந்த பிழையாகத்தான் இருக்கும் என நம்புகிறேன். "நிலையத்தின் பங்கு நீங்கலாக" என்று திருத்தித் தருவீர்களா?

வேலை நாள்கள் செவ்வாய் முதல் சனி வரை என்று பேசினோம். கடிதத்தில் "வாரத்திற்கு ஆறு நாள்" என்று வந்திருக்கிறது. ஞாயிறு, திங்கள் இரண்டும் ஓய்வு என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

ஆகஸ்ட் 30 அன்று திருச்சியில் என் தம்பிக்குத் திருமணம். 28, 29 இரண்டு நாளும் சம்பளமில்லா விடுப்பு வேண்டும். இதை இப்போதே சொல்லிவிடுவதுதான் முறை.

நாளை ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. அதனால் வெள்ளிக்கிழமை, மே 29 மாலைக்குள் திருத்திய கடிதம் கிடைத்தால் போதும். அன்றே கையொப்பமிட்டு அனுப்பிவிடுகிறேன். பேசுவது எளிது என்றால் வியாழன் மாலை 6 மணிக்குப் பிறகு அழையுங்கள்.

அன்புடன்,
கவிதா